“4 மணித்தியாலத்தில் வருவோம்” என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: “கொட்டாஞ்சேனையில் நானும் தம்பியும் லெப்டொப், பிரிண்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறோம். சின்ன ஒப்பீஸ்களுக்கு வருடாந்தப் பராமரிப்பு தொடங்கப்போகிறோம். ஃபேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போட நல்ல கேப்ஷன் ஒன்று எழுதித் தருவீர்களா? எத்தனை மணித்தியாலத்தில் வருவோம், வருடத்துக்கு எத்தனை தடவை வருவோம் என்பதும் அதில் வரவேண்டும். ‘உடனடி சேவை, 4 மணித்தியாலத்தில் வருவோம், வருகைக்கு எல்லை இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறோம். சரியா?”

எழுதியதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று துண்டுகளில் ஒன்றைக்கூட இரண்டு பேரால் ஒரு வருடம் முழுக்கக் காப்பாற்ற முடியாது. பராமரிப்பு ஒப்பந்தத்தின் கேப்ஷன் சாதாரண விளம்பரம் மாதிரி இல்லை. ஒப்பந்தத் தாளில் நாலு பக்கம் எழுதினாலும், தகராறு வரும் நாளில் வாடிக்கையாளர் போனில் திறந்து காட்டுவது அந்தக் கேப்ஷனைத்தான். அதனால் வார்த்தை தேடுவதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேரால் என்ன முடியும் என்று கணக்குப் பார்ப்போம். கேப்ஷன் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

நான் பம்பலப்பிட்டியில் திருத்தும் மேசையில் தொடங்கி, பிறகு ஒரு கம்பனியில் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். அங்கே எங்கள் துண்டுப்பிரசுரத்தில் “2 மணித்தியாலத்தில் சேவை” என்று பெரிய எழுத்தில் இருந்தது. புறக்கோட்டையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஒப்பீஸ் அதைப் பார்த்துத்தான் எங்களிடம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் 3 மணிக்குக் கொஞ்சம் முன்னால் அங்கிருந்து அழைப்பு. பிரிண்டரில் தாள் மடிந்து மடிந்து வருகிறது, எழுத்து தேய்க்கத் தேய்க்க அழிகிறது. எங்கள் டெக்னீசியன் இருபது நிமிடத்தில் திரும்ப எடுத்துக் கதைத்தார். பின்கதவைத் திறக்கச் சொன்னார், தாளை மாற்றச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு அனுப்ப ஆள் இல்லை. திங்கட்கிழமை போயா. ஆள் போய்ச் சேர்ந்தது செவ்வாய். பார்த்தால் ஃபியூசர் ஃபிலிம் கிழிந்திருந்தது. அதற்கான சாமான் வர இன்னும் மூன்று நாள்.

நாங்கள் “இருபது நிமிடத்திலேயே பதில் சொல்லிவிட்டோமே” என்றோம். அந்த ஏஜென்ட் துண்டுப்பிரசுரத்தை மேசையில் விரித்து “சேவை” என்ற சொல்லில் விரலை வைத்தார். “எனக்கு அந்த ஐந்து நாளும் பிரிண்ட் எடுத்தது யார்? பக்கத்து கொமியூனிகேஷன். அதன் பில் இதோ” என்றார். அந்தத் தொகையை அடுத்த வருடக் கட்டணத்தில் கழித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது நியாயம். பிழை எங்கள் வாக்கியத்தில்தான் இருந்தது.

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கடிகாரம் ஓடுகிறது. அழைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் ஒரு தெரிந்த ஆள் திரும்பிக் கதைக்கிறார் என்பது முதலாவது. எவ்வளவு நேரத்தில் ஆள் நேரில் வந்து நிற்கிறார் என்பது இரண்டாவது. எப்போது மெஷின் மறுபடி வேலை செய்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் உங்கள் கையில். மூன்றாவது இல்லை, சாமான் கடையில் இருக்கிறதா, கப்பலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. பெரிய கம்பனிகளின் ஒப்பந்தங்களிலும் பதிலளிக்கும் நேரம் வேறு, தீர்க்கும் நேரம் வேறு என்றுதான் பிரித்து எழுதுவார்கள். ஆகவே கேப்ஷனில் முதல் இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் கொடுங்கள், மூன்றாவதுக்கு நேரமே கொடுக்காதீர்கள். “உடனடி சேவை” என்றால் வாசிப்பவர் மூன்றாவதைத்தான் நினைப்பார். அதனால் அந்தச் சொல்லே வேண்டாம்.

இப்போது “4 மணித்தியாலத்தில் வருவோம்” என்பதைப் பார்ப்போம். ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். போன் எடுக்கவும், மேசையில் கிடக்கும் வேலையைச் செய்யவும். ஆக வெளியே போவது ஒரு ஆள், ஒரு மோட்டார் சைக்கிள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவுதான், ஆனால் காலை நேரத்தில் காலி வீதியை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு 45 நிமிடம், அங்கே வேலைக்கு 1 மணித்தியாலம் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அழைப்புக்கு 2 மணித்தியாலம்.

திங்கட்கிழமை காலை 9 மணிக்கு மூன்று ஒப்பீஸிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வருகிறது. முதலாவது இடத்துக்கு 9.45க்குப் போவீர்கள். இரண்டாவது 11.45. மூன்றாவது 1.45. அந்த மூன்றாவது ஆளுக்கு 4 மணித்தியாலம் 45 நிமிடம் ஆகிவிட்டது. சாப்பிடக்கூட நிற்காமல் ஓடியும் வாக்குத் தவறிவிட்டது. ஒரே நேரத்தில் மூன்று அழைப்பு எங்கே வரும் என்று நினைக்க வேண்டாம். பழுது வருடம் முழுக்கச் சமமாகப் பிரிந்து வருவதில்லை. இரண்டு நாள் சும்மா நின்ற மெஷின்களை மறுபடி போடுவதால் திங்கள் காலை. சம்பளத் தாளும் ஈபிஎஃப் கணக்கும் அச்சடிப்பதால் மாதக் கடைசி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னலுக்கு அடுத்த நாள். இந்த நாட்களில் சேர்ந்துதான் வரும்.

எங்களிடம் ஒரு பதிவுக் கொப்பி இருந்தது. அதிலிருந்து நான் எடுத்த மட்டக் கணக்கு: பத்து மெஷினுக்கு மாதத்துக்கு ஒரு அழைப்பு. அதில் பாதிக்கு மேல் பிரிண்டர். வந்த அழைப்பில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட, போனிலேயே முடிந்துவிடும். இது நாங்கள் பார்த்த ஒப்பீஸ்களின் கணக்கு; பழைய மெஷின் நிறைய உள்ள இடத்தில் இது கூடும். மூன்று மாதம் ஓடியதும் உங்கள் கொப்பியை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இப்போதைக்கு இதை வைத்துப் பார்த்தால், 8 லெப்டொப்பும் 2 பிரிண்டரும் உள்ள ஒப்பீஸ் 12 எடுத்தால் மாதத்துக்கு 12 அழைப்பு வரும், 7 அல்லது 8 தடவை நேரில் போக வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் சும்மா இருப்பது மாதிரித் தெரியும். ஆனால் ஒரு மோசமான திங்களில் இந்தப் 12 ஒப்பீஸில் நாலு அழைத்து, ஒன்று போனில் தீர்ந்தால், மூன்றுக்கு ஓட வேண்டும். அது ஒரு ஆளால் முடியும். 25 ஒப்பீஸ் எடுத்தால் அதே நாளில் ஆறு இடம், அது முடியாது. காலை 8.30க்குப் புறப்பட்டால் 9.15, 11.15, இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி, அப்புறம் 1.45, 3.45. ஒரு நாளைக்கு நாலு இடம். அதற்கு மேல் போனால் ஐந்தாவது இடத்தில் காவலாளி மட்டும்தான் இருப்பார்.

எனவே மணித்தியாலக் கணக்கை விட்டுவிட்டு ஒரு கட்-ஓஃப் நேரம் வையுங்கள். காலை 11 மணிக்கு முன் அழைத்தால் அன்றைக்கே வருவோம். அதற்குப் பிறகு அழைத்தால் அடுத்த வேலை நாள். மூன்று பேரும் கடைசி நிமிடத்தில், 11க்கு அழைத்தால்கூட 11.45, 1.45, 3.45 என்று மூவரையும் பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நின்றாலும் ஐந்துக்குள் வந்துவிடும். 11க்குப் பிறகு அழைத்தவர்களிடமும் முடிந்தால் அன்றைக்கே போங்கள். சொன்னதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள் என்று அவர்கள் சந்தோஷப்படுவார்கள். “அடுத்த வேலை நாள் மத்தியானத்துக்குள்” என்று நீட்ட வேண்டாம். முதல் நாள் மிச்சம் மூன்று இருந்தால் மத்தியானத்துக்குள் இரண்டைத்தான் பார்க்க முடியும், மேலே உள்ள நேரங்களைப் பார்த்தால் தெரியும்.

வாடிக்கையாளருக்கும் இது பிடிக்கும். “4 மணித்தியாலம்” என்றால் அவர் எப்போதிலிருந்து என்று எண்ண வேண்டும். பின்னேரம் 4 மணிக்கு அழைத்தால் இரவு 8 மணிக்கா வருவீர்கள், அல்லது ஒப்பீஸ் நேரத்தில் மட்டும் எண்ணி மறுநாள் காலை 11.30க்கா? நீங்கள் இரண்டாவதை நினைத்திருப்பீர்கள், அவர் முதலாவதை. “11க்கு முன், அன்றே” என்பதில் எண்ண ஒன்றும் இல்லை.

போனில் கதைப்பதற்கு 30 நிமிடம் என்று போடலாம். கடையில் இருக்கும் ஆள் அதைச் செய்ய வேண்டும், மோட்டார் சைக்கிளில் போகிறவர் இல்லை. ஆனால் எது அழைப்பு என்பதையும் முடிவு செய்யுங்கள். இரவு 7 மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வரும், நீல டிக் விழுந்துவிடும், அவர் அந்த நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார். கடை போனுக்கு எடுத்தால்தான் அழைப்பு என்று வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு இலக்கத்தை உடனே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். அந்த எஸ்எம்எஸ் போன நேரம்தான் இரண்டு பேருக்கும் பொதுவான கடிகாரம்.

வேலை நாள் என்ற சொல்லுக்கும் கொழும்பில் விளக்கம் வேண்டும். போயா நாள் வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் விடுமுறை. ஆனால் தனியார் ஒப்பீஸ் பல அன்றைக்குத் திறந்திருக்கும், புறக்கோட்டைக் கடைகளைச் சொல்லவே வேண்டாம். அவர்களுடைய வேலை நாளும் உங்களுடையதும் ஒன்று இல்லை. மாதத்துக்கு ஒரு போயா எப்படியும் வரும். அதனால் “போயா, அரச விடுமுறை தவிர” என்று கேப்ஷனிலேயே போட்டுவிடுங்கள். சனிக்கிழமை 1 மணி வரை என்று வைத்தால், அன்றைக்கு இரண்டு இடம்தான் போக முடியும். அதை வெள்ளிக்கிழமை மிஞ்சியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வரும் புது அழைப்புக்குத் திங்கள். அன்றே வருவோம் என்பது திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் மட்டும் என்று எழுதினால் இது தானாகப் பொருந்திவிடும்.

இடத்தையும் எழுதுங்கள். “கொழும்பு முழுவதும்” என்றால் மகரகமைக்காரரும் வத்தளைக்காரரும் தங்களைக் கொழும்பு என்றுதான் சொல்வார்கள். “கொழும்பு 1 – 15” என்றால் சண்டை இல்லை. தெஹிவளை அதற்குள் வராது. அங்கே நல்ல ஒப்பீஸ் ஒன்று கிடைத்தால் தனியாகக் கதைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வருகை. “வருகைக்கு எல்லை இல்லை” என்று எழுதினால், தாள் தட்டில் தாள் போடுவதற்கும் உங்களைக் கூப்பிடும் ஒப்பீஸ் ஒன்றாவது வந்து மாட்டும். எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. கணக்காளர் அம்மா ரொம்ப நல்லவர், பிளேன்டீ இல்லாமல் அனுப்பமாட்டார், ஆனால் கிழமைக்கு இரண்டு தடவை கூப்பிடுவார். வருகை என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு வேலை இருக்கிறது. பழுது வராமல் இருக்க நீங்களே நேரம் சொல்லிப் போவது ஒன்று, பழுது வந்தபின் அவர்கள் கூப்பிட்டுப் போவது மற்றது. பிரித்து எழுதாவிட்டால், “வருடத்துக்கு 4 வருகை” என்பதை அவர்கள் நாலு தடவைதான் கூப்பிடலாம் என்று வாசிப்பார்கள். அல்லது கூப்பிட்ட தடவைகளை நீங்கள் பராமரிப்புக் கணக்கில் எழுதி ஏமாற்றுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு பராமரிப்பு வருகை, வருடத்துக்கு 4, சின்ன ஒப்பீஸுக்குப் போதும். ஆனால் அது எவ்வளவு நேரம் தின்னும் என்பதையும் கணக்கில் எடுங்கள். லெப்டொப்பைத் திருப்பி, காற்றுத் துவாரத்தை ஊதி (விசிறி சுழலாமல் விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொண்டு), பெற்றரி ஊதியிருக்கிறதா என்று பார்த்து (டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் சந்தேகப்படலாம்), டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, அப்டேட் ஓடியிருக்கிறதா என்று பார்க்க ஒன்றுக்கு 20 நிமிடம். லேசர் பிரிண்டரில் தாள் இழுக்கும் ரோலரை நூல் உதிராத துணியை லேசாக நனைத்துத் துடைத்து, கொட்டிய டோனர் தூளை எடுத்து, சோதனைப் பக்கம் அடித்துப் பார்க்க அரை மணி. டோனர் தூளுக்கு வீட்டு வெக்கியூம் போட வேண்டாம். தூள் மிக நுண்ணியது, பில்டரைத் தாண்டி அறைக்குள்ளேயே திரும்பி வரும். 8 லெப்டொப், 2 பிரிண்டர் என்றால் மொத்தம் 220 நிமிடம், போக்குவரத்து வேறு. நாளின் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே இதைத் திங்களிலும் மாதக் கடைசியிலும் வைக்காதீர்கள். “முன்கூட்டி நேரம் சொல்லி” என்ற மூன்று சொல்லைக் கேப்ஷனில் சேர்த்தால் நாளைத் தெரிவு செய்யும் உரிமை உங்களிடம் இருக்கும்.

காலி வீதியின் கடல் பக்கத்து ஒப்பீஸ்களில் ஒன்று கவனித்திருக்கிறேன். தாள் கட்டைப் பிரித்து ஜன்னலோரம் வைத்திருப்பார்கள். தாள் ஈரம் குடித்து இரண்டு மூன்றாக ஒட்டிப் போகும். பிரிண்டரில் ஒரு பழுதும் இருக்காது. இந்த மாதிரி அழைப்பு பராமரிப்பு வருகையில் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் அடுத்த தடவை வராது. உங்களுக்கு மிச்சமாகும் பயணம் அது.

பழுது வருகைக்கு வருடத்துக்கு 8 என்று போடலாம். மேலே சொன்ன கணக்கில் பத்து மெஷின் உள்ள ஒப்பீஸ் வருடத்துக்கு 12 தடவை அழைக்கும், அதில் நாலைந்து போனில் தீரும். மிச்சம் 7 அல்லது 8. போனில் தீர்ந்தது கணக்கில் வராது என்று எழுதினால், கூப்பிட்டால் ஒன்று குறையுமோ என்று பயந்து பழுதைப் பெரிதாக்கமாட்டார்கள். எதை ஒரு வருகை என்று எண்ணுவது என்பதை ஒப்பந்தத் தாளில் எழுதுங்கள், கேப்ஷனில் இடம் போதாது. சாமான் வாங்கிக்கொண்டு இரண்டாம் தடவை போனால் இரண்டும் சேர்த்து ஒன்று. அதே பழுது 14 நாளுக்குள் திரும்பி வந்தால் எண்ணக்கூடாது. நீங்கள் சொன்ன நேரத்துக்குப் போயும் கடவுச்சொல் தெரிந்தவர் இல்லை என்று திரும்பினால் அது ஒன்று. இந்தக் கடைசி வரியை முதலே சொல்லாவிட்டால் பிறகு சொல்ல வாய் வராது.

சாமான் கணக்கை மட்டும் கேப்ஷனில் விடவே கூடாது. “முழுப் பராமரிப்பு” என்று எழுதினால் டோனரும் அதற்குள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். 2022இன் தொடக்கத்தில் சாமானையும் சேர்த்து வருட விலை பேசிக் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள்; 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 350ஐத் தாண்டியது. ஒரு லெப்டொப் திரை மாற்றியதிலேயே அந்த ஒப்பந்தத்தின் வருட லாபம் போய்விட்டது. நீங்கள் இறக்குமதி செய்பவர்கள் இல்லை, அடுத்த மாத விலை உங்களுக்குத் தெரியாது. கூலி மட்டும் ஒப்பந்தத்தில், சாமானும் டோனரும் மையும் தனி, மாற்றுவதற்கு முன் விலை சொல்லிச் சம்மதம் கேட்போம் என்று எழுதுங்கள்.

ஒப்பந்தம் தொடங்கும் முன் எல்லா மெஷினையும் ஒரு தடவை பார்த்து நிலையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இலவசமாகச் செய்தாலும் நட்டம் இல்லை. பிரிண்டரில் எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று அதன் நிலைத் தாளை அடித்தால் தெரியும். விண்டோஸ் லெப்டொப்பில் பெற்றரிக்கு இந்தக் கட்டளை போதும்:

```
powercfg /batteryreport
```

அது எழுதித் தரும் கோப்பைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டு எண்ணையும் பாருங்கள். இரண்டாவது முதலாவதின் பாதிக்குக் கிட்ட இறங்கியிருந்தால், இரண்டு மாதம் கழித்து “நீங்கள் தொட்ட பிறகுதான் சார்ஜ் நிற்கவில்லை” என்று ஒரு அழைப்பு வரப்போகிறது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்ட தாள் அப்போது கதைக்கும். விண்டோஸ் 10 ஓடும் மெஷின்களையும் குறித்து வையுங்கள். 2025 ஒக்டோபர் 14ஓடு அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதை மாற்றுவது தனி வேலை, பராமரிப்பு இல்லை.

நான் எழுதினால் ஃபேஸ்புக்குக்கு இப்படி எழுதுவேன்:

“பிரிண்டர் நின்றால் பில்லும் நிற்கும். சிறிய ஒப்பீஸ்களுக்கு லெப்டொப், பிரிண்டர் வருடாந்தப் பராமரிப்பு – கொழும்பு 1 முதல் 15 வரை.
அழைத்தால் 30 நிமிடத்தில் டெக்னீசியன் உங்களுடன் கதைப்பார்.
திங்கள் – வெள்ளி காலை 11 மணிக்கு முன் அழைத்தால் அன்றே நேரில் வருவோம். அதன்பின் அழைத்தால் அடுத்த வேலை நாள்.
3 மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டி நேரம் சொல்லி, பராமரிப்பு வருகை. பழுதுக்கு வருடத்தில் 8 வருகை. போனில் தீர்ந்தால் கணக்கில் இல்லை.
கூலி ஒப்பந்தத்துக்குள். சாமான், டோனர், மை தனி. விலை சொன்ன பிறகே மாற்றுவோம்.
வேலை நேரம்: திங்கள் – வெள்ளி 8.30 – 5, சனி 8.30 – 1. போயா, அரச விடுமுறை தவிர.”

வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம். “காலை 11க்கு முன் அழையுங்கள், இன்றே வருவோம். லெப்டொப், பிரிண்டர் வருடாந்தப் பராமரிப்பு. கொழும்பு 1 – 15, திங்கள் – வெள்ளி.” அது போதும். சுருக்கும்போது நாளையும் இடத்தையும் வெட்டிவிட வேண்டாம். முதலில் வெட்டத் தோன்றுவது அவைதான், பிறகு தகராறு வருவதும் அவற்றில்தான். சிங்களத்திலும் ஒன்று போடுங்கள், ஆனால் தெரிந்த சிங்கள நண்பர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி அவரையே எழுதச் சொல்லுங்கள். “அடுத்த வேலை நாள்” என்பது அங்கே “நாளைக்கு” என்று மாறிவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் மாட்டிக்கொள்வீர்கள்.

விலையைக் கேப்ஷனில் போடுவதா என்று கேட்பீர்கள். எனக்கு நிச்சயமான கருத்து இல்லை. போட்டவர்களுக்கு அழைப்பு கூட வந்தது, அதில் பாதி இரண்டு மெஷின் வைத்திருப்பவர்களிடமிருந்து. ஐந்து மெஷினுக்குக் கீழே எடுக்க விருப்பமில்லை என்றால் விலைக்குப் பதில் அதை எழுதலாம்.

சிலர் “பழுது நீடித்தால் மாற்று பிரிண்டர் தருவோம்” என்று போடுவார்கள். ஒப்பீஸ்காரருக்கு உண்மையில் வேண்டியது அதுதான், நீங்கள் வந்து நிற்பது இல்லை. அந்தக் கிளியரிங் ஏஜென்டுக்கு நாங்கள் ஒரு பழைய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரைக் கொண்டுபோய் வைத்திருந்தால் ஃபியூசருக்கு மூன்று நாள் என்ன, பத்து நாள்கூடப் பொறுத்திருப்பார். ஆனால் உங்களிடம் உபரியாக ஒரு பிரிண்டர்தான் இருக்கும், கேட்பவர் இருவராக இருப்பார். அதைக் கேப்ஷனில் எழுதாமல் கடையில் வைத்திருங்கள். தேவைப்படும் நாளில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

போடுவதற்கு முன் ஒப்பீஸ் ஒன்றில் வேலை செய்யும், கொம்பியூட்டர் வேலை தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மேலே உள்ளதை நான் வெள்ளவத்தையில் கணக்குப் பிரிவில் இருக்கும் என் மச்சாளுக்கு நேற்று அனுப்பி, “வெள்ளிக்கிழமை 3 மணிக்கு பிரிண்டர் நின்றால் எப்போது வருவார்கள்?” என்று கேட்டேன். “சனி, 1 மணிக்குள்ளே” என்றாள். சரி. “சனி போயா என்றால்?” “திங்கள்.” அதுவும் சரி. பிறகு அவளே கேட்டாள்: “டோனர் முடிந்து கூப்பிட்டால், வந்து போட்டுவிட்டுப் போவது அந்த எட்டில் ஒன்றா?” அதை நான் யோசிக்கவே இல்லை. டோனர் மாற்றுவதை அவர்களுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, வந்து போடச் சொன்னால் ஒரு வருகை என்று எண்ணுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்களும் தம்பியும் கதைத்து முடிவெடுத்து அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.